இருட்டுக்குப் பயப்படும் குழந்தைக்கு ஒரு தூக்கநேரக் கதை எழுதுவது எப்படி?

இருட்டுக்குப் பயப்படும் குழந்தைக்குக் கதை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் இருட்டைப் பற்றியே எழுதிவிடுகிறார்கள். இருட்டு நல்லது, இருட்டினால்தான் நட்சத்திரம் தெரிகிறது, பேய் என்று ஒன்று கிடையாது. கேட்க அழகாக இருக்கும், விளக்கை அணைத்தபின் அவ்வளவாகக் கைகொடுக்காது.

1975-இல் ஃபிரெட்ரிக் கான்ஃபர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 5, 6 வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு, தான் தைரியமான பிள்ளை, இருட்டில் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்று சொல்லிக்கொள்ளக் கற்றுத்தந்தார்கள். இன்னொரு குழுவுக்கு, இருட்டு ஜாலியான இடம் என்று சொல்லிக்கொள்ள. மூன்றாவது குழுவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குழந்தைப் பாட்டு வரி. இருட்டறையில் அதிக நேரம் தாக்குப்பிடித்தவர்கள் முதல் குழுவினர்தான். ஆக, கதையின் நடுவில் இருக்க வேண்டியது இருட்டைப் பற்றிய வாக்கியம் அல்ல, 'என்னால் முடியும்' என்று குழந்தை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வாக்கியம்.

படி 1: பயம் எது என்று கேளுங்கள்

பகலில் கேளுங்கள், படுக்கும் நேரத்தில் வேண்டாம். "இருட்டுல எது பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "பேயா? திருடனா?" என்று நீங்களே எடுத்துக்கொடுத்தால், அதுவரை இல்லாத ஒரு புதுப் பயமும் சேர்ந்துகொள்ளும். 5 வயதுப் பெண் ஒருத்தி "கதவுக்குப் பின்னாடி யாரோ நிக்கிறாங்க" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நம் கதை அவளுக்கு.

படி 2: கதைக்கு முன்னால் வாக்கியத்தை எழுதுங்கள்

"எனக்குப் பயமே இல்லை" என்று எழுதினால், நெஞ்சு அடித்துக்கொள்ளும் குழந்தைக்கு அது பொய் என்று உடனே தெரிந்துவிடும். "பேய் வராது" என்றால் பேய்தான் நினைவுக்கு வரும். நான் தேர்ந்தெடுப்பது இது:

"பயமா இருக்கு. ஆனா என்னால பார்த்துக்க முடியும்."

முதல் பாதி உண்மையை ஒப்புக்கொள்கிறது, இரண்டாம் பாதி அவளிடம் இருக்கும் திறமையைச் சொல்கிறது. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கதை முழுக்க எழுத்துத் தமிழில் இருந்தாலும் இந்த வரி மட்டும் உங்கள் வீட்டுப் பேச்சில் இருக்கட்டும். எந்தக் குழந்தையும் தனக்குத்தானே "என்னால் இயலும்" என்று சொல்லிக்கொள்வதில்லை.

படி 3: பயப்படும் ஒரு பாத்திரம்

கிட்டத்தட்ட அதே வயது, வேறு பெயர். அவள் கண்டிப்பாகப் பயப்பட வேண்டும். எதற்கும் அஞ்சாத நாயகியை ரசிக்கலாம், ஆனால் பயந்து, தடுமாறி, அப்புறம் சமாளிக்கிறவளைப் பார்த்துத்தான் குழந்தை கற்றுக்கொள்ளும். முக்கியமாக, அம்மாவோ அப்பாவோ ஓடிவந்து விளக்கைப் போட்டுவிடக் கூடாது. போட்டால், காப்பாற்றியது பெரியவர்கள்தான் என்றே கதை சொல்லித்தரும்.

படி 4: எழுதுங்கள்

வாக்கியம் மூன்று முறை வர வேண்டும்: முதலில் வாய்விட்டு, அடுத்து முணுமுணுப்பாக, கடைசியில் மனதுக்குள். 1971-இல் மைக்கன்பாம், குட்மன் என்ற இரு உளவியலாளர்கள் அவசரப் புத்தியுள்ள குழந்தைகளுக்குத் தன்னோடு பேசப் பழக்கியபோது பின்பற்றிய இறங்குவரிசை இதுதான்.

*விளக்கு அணைந்தது. அம்மாவின் காலடிச் சத்தம் தேய்ந்து போனது.*

*கதவுக்குப் பின்னால் யாரோ நின்றார்கள். நீளமான கை!*

*இனியாவின் நெஞ்சு திக் திக் என்றது. போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள். 'அது என்னைப் பிடிச்சுடும்' என்றது மனசு. அப்படி நினைத்ததும் அந்தக் கை இன்னும் நீண்டது போலிருந்தது.*

*இனியா வாய்விட்டுச் சொன்னாள்: "பயமா இருக்கு. ஆனா என்னால பார்த்துக்க முடியும்."*

*மூச்சை இழுத்து, உஃப்ப்ப் என்று மெல்ல விட்டாள். இன்னொரு தடவை. கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் கதவு தெரிந்தது. கதவில் கொக்கி தெரிந்தது. கொக்கியில் அவளுடைய மழைக்கோட்டு தொங்கியது.*

*"நீயா!" என்றாள் இனியா.*

*டொக்! அலமாரிப் பக்கம் ஒரு சத்தம். மறுபடியும் திக் திக். இனியா முணுமுணுத்தாள்: "பயமா இருக்கு. ஆனா என்னால பார்த்துக்க முடியும்." உஃப்ப்ப். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். என்ன சத்தமென்று தெரியவில்லை. மறுபடி வரவும் இல்லை.*

*திக் திக் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இந்த முறை உதடு அசையவில்லை. மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். ஒருக்களித்துப் படுத்தாள். போர்வைக்கு வெளியே ஒரு காலை நீட்டினாள். தூங்கிப்போனாள்.*

அந்த 'டொக்' சத்தத்துக்கு வேண்டுமென்றேதான் காரணம் சொல்லவில்லை. மழைக்கோட்டைப் போல எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், விடை கிடைக்காத ராத்திரியில் குழந்தை என்ன செய்வாள்? என்னவென்று தெரியாமலே சமாளிக்கும் இடம்தான் இந்தக் கதையின் உயிர். எழுதும்போது முதலில் வெட்டத் தோன்றுவதும் அதுவாகத்தான் இருக்கும்.

'பார்த்துக்கொண்டே இருந்தாள்' என்பதும் சும்மா இல்லை. விளக்கணைத்த சில நிமிடங்களிலேயே கண் இருட்டுக்குப் பழகத் தொடங்கும், முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகலாம். கண்ணை இறுக மூடிக்கொள்ளும் குழந்தைக்கு, அறை மெல்லத் தெரியவரும் என்பதே தெரியாது.

படி 5: வாசிப்பது

முதல் சில நாட்கள் மங்கலான வெளிச்சத்தில் வாசியுங்கள். முதல் முறை வாக்கியம் வரும்போது சாதாரணக் குரல், இரண்டாம் முறை கிசுகிசுப்பு. மூன்றாம் இடத்தில் நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள். கதை பழகியதும் அந்த இடைவெளியைக் குழந்தையே நிரப்புவாள். நிரப்பாவிட்டாலும் கேட்டு வாங்க வேண்டாம். உஃப்ப்ப் மட்டும் இருவரும் சேர்ந்து விடலாம்.

நடுராத்திரியில் உங்களைக் கூப்பிட்டால் கதையை மறுபடி ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் போய், "இனியா என்ன சொல்லிக்கிட்டா?" என்று கேட்டால் போதும்.

சரியாக வராவிட்டால்

கதை முடிந்தபின்னும் அந்த நீளக் கையைப் பற்றியே கேள்வி கேட்கிறாள் என்றால் பயமுறுத்தும் பகுதி கனமாகிவிட்டது என்று அர்த்தம். கையை எடுத்துவிட்டு 'ஏதோ ஒன்று தெரிந்தது' என்று மாற்றுங்கள்.

இன்னொன்று கவனிக்கச் சற்றுக் கடினம். சிலர் வாக்கியத்தை மந்திரம் போல வேகவேகமாக அடுக்குவார்கள், கை மட்டும் போர்வையை விடாது. அது எதையோ விரட்டச் சொல்லும் வரியாகிவிட்டது. அப்போது வாக்கியத்தைக் குறைத்து, மூச்சு விடுவதையும் உற்றுப் பார்ப்பதையும் கதையில் நீட்டுங்கள்.

பயம் மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, பகலிலும் தொடர்ந்தாலோ, ஏதாவது ஒரு கெட்ட அனுபவத்துக்குப் பிறகு தொடங்கியிருந்தாலோ கதையோடு நிறுத்தாமல் குழந்தை நல மருத்துவரிடமோ குழந்தை உளவியலாளரிடமோ காட்டுங்கள்.

சில குழந்தைகள் வரியைத் தாங்களே மாற்றிவிடுவார்கள். "பயமா இருக்கு, பரவால்ல, நான் இருக்கேன்" என்று அவள் சொன்னால் திருத்தாதீர்கள். மறுநாள் வாசிக்கும்போது இனியாவும் அதையே சொல்லட்டும்.