தொடர்வலிப்பு: கடிகாரத்திலிருந்து மருந்துத் தேர்வு வரை

தேர்வில் வரக்கூடிய ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். ஈசூனில் வசிக்கும் 22 வயதுப் பெண், எடை 60 கிலோ. காலை 8:10க்குக் கைகால்கள் விறைத்து வெட்டத் தொடங்கின. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபோது மணி 8:35, வலிப்பு இன்னும் நிற்கவில்லை.

படி 1: நேரத்தை வலிப்பு தொடங்கிய கணத்திலிருந்து கணக்கிடுங்கள். விறைப்பு வெட்டு வலிப்பு 5 நிமிடம் தாண்டினாலே அது தொடர்வலிப்பு; 30 நிமிடத்துக்குமேல் மூளைக்கு நிலையான பாதிப்பு ஏற்படக்கூடும். மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணும் மாணவர், இவருக்கு ஐந்தே நிமிடம்தான் மிச்சம் என்பதைத் தவறவிடுகிறார். மூச்சுப்பாதையைக் காத்து, பிராணவாயு கொடுத்து, விரல்நுனி இரத்தச் சர்க்கரையை உடனே பாருங்கள்.

படி 2: லோராசெபாம் சிரைவழி. கிலோவுக்கு 0.1 மி.கி. என்றால் 6 மி.கி. வரும், ஆனால் ஒரு தவணையின் உச்சவரம்பு 4 மி.கி. மூச்சு அடங்கிவிடுமோ என்று அஞ்சி 1 மி.கி., 2 மி.கி. எனப் பிரித்துக் கொடுப்பதே நான் அதிகம் காணும் பிழை. வலிப்பு நீடிக்க நீடிக்க காபா ஏற்பிகள் நரம்பணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுவதால், தாமதமாகச் சேரும் மருந்துக்குப் பற்றிக்கொள்ள இடம் குறைகிறது. நிற்காவிட்டால் 5 நிமிடத்தில் இன்னொரு முறை கொடுக்கலாம். சிரையில் ஊசி ஏறவில்லையென்றால், தேடிக்கொண்டிராமல் மிடாசோலாம் 10 மி.கி.யைத் தசையில் போடுங்கள்.

படி 3: இரண்டாம் வரிசை மருந்து. லெவெட்டிராசிட்டம், வால்புரோயேட், ஃபாஸ்ஃபெனிட்டாய்ன் மூன்றும் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் வலிப்பை நிறுத்தின என்று 2019இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. ஆகவே இங்கே நோயாளியின் கதைதான் தீர்மானிக்கிறது. "கொஞ்ச நாளா காலையில கை வெடுக்குன்னு ஆடும் டாக்டர், கோப்பி கப்பையே போட்டுடுவா," என்கிறார் அம்மா. விழித்தெழுந்தவுடன் வரும் அந்த வெடுக்கு, இளம்பருவ மயோகுளோனிக் வலிப்பைச் சுட்டுகிறது. ஃபெனிட்டாய்ன் அந்த வெடுக்கை மோசமாக்கக்கூடும். வால்புரோயேட் மிக நன்றாக வேலை செய்தாலும், கருவுறும் வயதில் கருவுக்குப் பெரும் தீங்கு விளைவிக்கும். எனவே லெவெட்டிராசிட்டம்: கிலோவுக்கு 60 மி.கி. வீதம் 3600 மி.கி., 10 நிமிடத்தில்.

அதற்கும் அடங்காவிட்டால் செயற்கைச் சுவாசத்துடன் புரோப்போஃபால் அல்லது மிடாசோலாம் தொடர்செலுத்தல் தேவைப்படும். வெட்டு நின்றும் நினைவு திரும்பாதவருக்கு மூளை மின்னலைப் பதிவு எடுங்கள், ஏனெனில் உடல் அசையாமலே வலிப்பு உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம்.

படி 4: நீண்டகால மருந்து. சிங்கப்பூரில் கார்பமாசெபின் புதிதாகத் தொடங்கும் முன் `HLA-B*15:02` மரபணுவைப் பரிசோதிப்பது வழக்கம். அது இருப்பவர்களுக்குத் தோல் உரியும் கொடிய ஒவ்வாமை வரும் அபாயம் அதிகம். தேர்வில் "பரிசோதனை எதிர்மறை, கார்பமாசெபின் தரலாமா?" என்று கேட்டால், இவருக்குக் கூடாது என்றே எழுதுங்கள். தோல் தப்பினாலும், அந்த மருந்து காலைநேர வெடுக்கைக் கூட்டிவிடும்.