வெடிப்பு பெருத்ததா, கமரா கிட்டப் போனதா?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மாரி முடிந்ததும் சுவர் வெடிப்பைப் படம் எடுத்து, பழைய படத்தோடு வைத்துப் பார்ப்போம். இரண்டு தடவையும் வெடிப்புக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி ஒரு அடிமட்டம் பிடியுங்கள், நேரே நின்று எடுங்கள்.

பழைய படத்தில் அடிமட்டத்தின் 10 மில்லிமீற்றர் 200 பிக்சல், வெடிப்பு 20 பிக்சல் என்றால் அகலம் 1 மில்லிமீற்றர். புதியதில் 300க்கு 30 வந்தால், பெரிதாய்த் தெரிந்தாலும் அதே 1 தான். சரிந்து விழும் காலை வெயிலும் நிழல் போட்டு ஏமாற்றும்.

வெடிப்பின் நுனியில் பென்சில் கோடும் திகதியும் போட்டுவிடுங்கள். "கூடிட்டுது" என்பதைவிட "கோட்டைத் தாண்டி 4 சென்ரிமீற்றர் நீண்டிருக்கு" என்றால் மேசனுக்கு விளங்கும். வயற்கரைக் களிமண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அங்கே மாசிப் படத்தை அடுத்த மாசிப் படத்தோடும் ஒப்பிட வேணும்.