ஃப்ரீமியமா, கட்டண ட்ரையலா? கணக்கில் தவறும் இடங்கள்

மென்பொருளின் அடிப்படை வசதிகளை இலவசமாகக் கொடுத்து, அதற்கு மேல் வேண்டுவோரிடம் சந்தா வாங்குவது ஃப்ரீமியம்; சிறு தொகை வாங்கிக்கொண்டு கொஞ்ச நாள் பயன்படுத்திப் பார்க்க விடுவது கட்டண ட்ரையல். "ஃப்ரீமியத்தில் 3% பேர்தான் பணம் கட்டுகிறார்கள், கட்டண ட்ரையலில் 50%" என்று ஒப்பிடுவதுதான் முதல் தவறு. இரண்டு சதவீதங்களுக்கும் அடியில் இருக்கும் எண் வேறு. தளத்துக்கு வருகிற 10,000 பேரிலிருந்து கணக்கைத் தொடங்கினால் விஷயம் தெளிவாகும்.

ஃப்ரீமியத்தில் 6% பேர் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம்: 600 பேர். அதில் 3% என்றால் 18 சந்தாதாரர்கள். கட்டண ட்ரையலில் சிறு தொகை கட்டி, கார்டு விவரமும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர முடியும். அதனால் 0.5% பேர், அதாவது 50 பேர்தான் தொடங்குவார்கள். பாதிப் பேர் முழுச் சந்தாவுக்குப் போனால் 25. இவை அனுமானங்கள்தான், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆனால் 3-க்கும் 50-க்கும் இருந்த தூரம் 18-க்கும் 25-க்குமாகச் சுருங்கிவிட்டது.

அந்த 25-ம் நிலைக்காது. ரத்து செய்ய மறந்ததால் பணம் பிடிக்கப்பட்டவர்களும் அதில் உண்டு. பில்லைப் பார்த்ததும் ரீஃபண்ட் கேட்பார்கள், சிலர் வங்கியிலேயே புகார் கொடுப்பார்கள். அதனால் முதல் பில்லை வெற்றியாக எண்ணாமல், மூன்றாவது பில் கட்டியவர்களை எண்ணுங்கள். கால்வாசிப் பேர் கழன்றால் மிஞ்சுவது 19. ஃப்ரீமியத்தின் 18 பேரையும் இதே அளவுகோலில்தான் பார்க்க வேண்டும். பல வாரம் பழகிய பிறகு பணம் கட்டியவர்கள் என்பதால் அங்கே உதிர்வு பெரும்பாலும் குறைவு.

ஃப்ரீமியத்தில் தவறு நேர்வது காலக்கணக்கில். மார்ச்சில் சேர்ந்த 600 பேரில் அந்த மாதமே கட்டியவர்கள் 6 பேர் என்றால், "1%தான்" என்று திட்டத்தையே மூடிவிடுகிறார்கள். மீதி 12 பேர் செப்டம்பர் வரை ஒவ்வொருவராக வரலாம். மொத்தச் சந்தாதாரர்களை மொத்த இலவசப் பயனர்களால் வகுப்பதும் ஏமாற்றும்: விளம்பரத்தால் பதிவு கூடிய மாதத்தில் எதுவும் கெடாமலே விகிதம் சரியும். சேர்ந்த மாதவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியையும் ஆறு மாதம் பின்தொடருங்கள்.

இலவசப் பயனருக்கும் செலவு உண்டு. மாதச் சந்தா 100 என்றால், சர்வருக்கும் உதவிக் கேள்விகளுக்குமாகத் தலைக்கு 2 ஆகும் என்போம். 600-ல் 200 பேர் தொடர்ந்து பயன்படுத்தினால் மாதம் 400. 18 பேரில் நான்கு பேரின் சந்தா அதிலேயே போய்விடும். ஒரு பயனர் இன்னொருவரை அழைத்துவரும் மென்பொருள் என்றால் இது விளம்பரச் செலவு மாதிரி. தனியாக உட்கார்ந்து பயன்படுத்தும் கருவி என்றால் வெறும் செலவு; அங்கே ட்ரையல்தான் என் தேர்வு.

ஃப்ரீமியம்தான் என்று முடிவானால், இலவச வரம்பை உத்தேசமாக வைக்காதீர்கள். பில் போடும் மென்பொருளில் மாதம் 10 பில் இலவசம், பெரும்பாலோர் போடுவதோ 4 என்றால், அவர்களுக்குப் பணம் கட்டக் காரணமே வராது. தொடர்ந்து பயன்படுத்துவோரின் மாதப் பயன்பாட்டை ஏறுவரிசையில் அடுக்கி, மேலே உள்ள கால்வாசிப் பேர் முட்டும் இடத்தில் வரம்பை வையுங்கள். அந்த இடம் 6-வது பில்லாக இருந்தால், ஆறாவதைப் போட முயலும்போதுதான் விலைப் பக்கம் தெரிய வேண்டும்.