ரயில் பிளாட்பாரத்தைக் கடக்கும் கணக்கு: தவறான விடைகள் எங்கிருந்து வருகின்றன?

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை போகும் தடத்தில், சேர்வராயன் மலையடிவாரப் பக்கமாக டேனிஷ்பேட்டை, லோகூர் என்று சிறிய நிலையங்கள் உண்டு. பெரும்பாலான எக்ஸ்பிரஸ் ரயில்கள் அங்கே நிற்காமல் போய்விடும். பிளாட்பாரக் கணக்கை நினைத்துப் பார்க்க இப்படிப்பட்ட நிலையம்தான் பொருத்தம். சேலம் ஜங்ஷனை நினைத்தால் குழப்பம் வரும். அங்கே ரயில் வேகம் குறைந்து, நின்று, மறுபடி மெதுவாகக் கிளம்பும். நாம் போடும் சூத்திரமோ வேகம் மாறாத ரயிலுக்கு மட்டுமே செல்லும்.

ஒரு ரயிலை எடுத்துக்கொள்வோம். எல்.எச்.பி. என்னும் வகைப் பயணிகள் பெட்டி ஒன்று, இணைப்பையும் சேர்த்து, ஏறக்குறைய 24 மீட்டர். 22 பெட்டிகள் என்றால் 528 மீட்டர். முன்னால் இழுக்கும் மின்சார எஞ்சின் இருபது மீட்டருக்குச் சற்று மேல். மொத்தம் 550 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பிளாட்பாரம் 600 மீட்டர், வேகம் மணிக்கு 72 கி.மீ. என்பது கணக்குக்காக நாம் வைத்துக்கொள்வது. ரயில் பிளாட்பாரத்தை முழுவதும் கடக்க எத்தனை வினாடி?

சரியான விடை 57.5 வினாடி. தேர்வுத்தாளில் இதற்குப் பக்கத்திலேயே 30, 27.5, 4.4 என்று மற்ற விடைகள் உட்கார்ந்திருக்கும். எதுவும் சும்மா போட்ட எண் அல்ல. எந்தத் தவறைச் செய்தால் என்ன விடை வரும் என்று கேள்வி எடுப்பவருக்குத் தெரியும்.

4.4 எப்படி வருகிறது என்பதை முதலில் முடித்துவிடலாம். நீளம் மீட்டரில் இருக்கிறது, வேகம் கிலோமீட்டரில். 1 கி.மீ. என்பது 1000 மீட்டர், 1 மணி என்பது 3600 வினாடி. அதனால் வேகத்தை 5/18-ஆல் பெருக்க வேண்டும்: 72 × 5/18 = 20 மீ/வி. தலைகீழாக 18/5-ஆல் பெருக்கினால் 259 மீ/வி வரும், விடை 4.4 வினாடி ஆகும். விமானம் போகும் வேகம் அது. மீ/வி எண் எப்போதும் கி.மீ. எண்ணில் கால் பங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். அதைவிடப் பெரிதாக வந்தால் பின்னத்தைத் திருப்பிப் போட்டுவிட்டோம் என்று அர்த்தம். 36, 54, 72, 90, 108 ஆகியவை முறையே 10, 15, 20, 25, 30 என்று மாறும். இந்த ஐந்தும் மனப்பாடமாக இருந்தால் பாதிக் கேள்விகளில் பெருக்கவே வேண்டியதில்லை.

30, 27.5 ஆகிய இரண்டும்தான் கவனிக்க வேண்டியவை. இந்த விடைகளில் கூட்டல் கழித்தல் பிழை ஒன்றுமில்லை. வேறு கேள்விகளுக்குச் சரியான விடைகள் அவை.

ரயிலின் மூக்கு பிளாட்பாரத்தின் தொடக்க முனையைத் தொடும் நொடியில் கடிகாரத்தை ஓடவிடுவோம். 30-ஆவது வினாடியில் மூக்கு 600 மீட்டர் போய் மறுமுனைக்கு வந்துவிட்டது. ‘பிளாட்பாரம் முடிந்துவிட்டது, ரயில் கடந்துவிட்டது’ என்று இங்கேயே நிறுத்திவிடுபவர்கள்தான் 30 என்று எழுதுகிறார்கள். ஆனால் அந்த நொடியில் பின்னால் திரும்பிப் பார்த்தால் கடைசிப் பெட்டி எங்கே இருக்கிறது? மூக்குக்கு 550 மீட்டர் பின்னால், அதாவது தொடக்க முனையிலிருந்து வெறும் 50 மீட்டர் தள்ளி. ரயில் முழுவதும் பிளாட்பாரத்துக்குள்ளேயே கிடக்கிறது! கடைசிப் பெட்டியும் வெளியேற இன்னும் 550 மீட்டர் நகர வேண்டும். அதற்கு 27.5 வினாடி. ஆக மொத்தத் தூரம் 600 + 550 = 1150 மீட்டர், நேரம் 1150 ÷ 20 = 57.5 வினாடி.

ரயில்வேக்காரர்கள் இதில் ஏமாறுவதில்லை. கடைசிப் பெட்டியின் பின்புறம் பெரிய பெருக்கல் குறியும், கடைசி வண்டி என்பதைக் குறிக்கும் ‘எல்வி’ பலகையும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடைசி வண்டி வந்து சேர்ந்ததை உறுதி செய்துகொண்ட பிறகுதான், ரயில் முழுதாக வந்துவிட்டது என்று நிலையத்தில் கணக்கில் எடுப்பார்கள். நம் கணக்கிலும் கடிகாரம் நிற்க வேண்டிய இடம் அந்தப் பலகைதான்.

அப்படியானால் 30 எந்தக் கேள்வியின் விடை? ரயிலுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் பிளாட்பாரத்தை எவ்வளவு நேரம் பார்ப்பார் என்று கேட்டால் 30 வினாடி. அவர் எந்தப் பெட்டியில் இருந்தாலும் அதே விடைதான், ரயிலின் நீளம் அவருக்குத் தேவையில்லை. 27.5 என்பது பிளாட்பாரத்தில் அசையாமல் நிற்கும் ஒருவரையோ, சிக்னல் கம்பத்தையோ ரயில் கடக்கும் நேரம். ஆளுக்கும் கம்பத்துக்கும் நீளம் இல்லை என்று கொள்வதால் ரயிலின் நீளம் மட்டும் வரும். இந்த இரண்டையும் கூட்டினால் 57.5 வருகிறது. விடையைச் சரிபார்க்க இது நல்ல வழி.

பாலக் கணக்கில் இன்னொரு பொறி உண்டு. ‘ரயில் முழுவதும் பாலத்தின் மேல் எவ்வளவு நேரம் இருந்தது?’ என்று கேட்டால் நீளங்களைக் கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும். பாலமும் 600 மீட்டர், ரயிலும் வேகமும் அதேதான் என்றால், கடைசிப் பெட்டி பாலத்தில் ஏறியது 27.5-ஆவது வினாடியில், மூக்கு பாலத்தைத் தாண்டியது 30-ஆவது வினாடியில். இடைப்பட்ட 2.5 வினாடிதான் விடை: (600 − 550) ÷ 20. பாலம் ரயிலைவிடச் சிறியதென்றால் அப்படி ஒரு நேரமே கிடையாது. கேள்வியில் ‘முழுவதும் கடக்க’ என்று இருக்கிறதா, ‘முழுவதும் மேலே’ என்று இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் பேனாவை எடுக்க வேண்டாம்.

மீ/வி-க்கு மாற்றும்போது முழு எண்ணாக வராத வேகம் தந்தால் பாதியில் முழு எண்ணாக்கும் பழக்கம் விடையைக் கெடுக்கும். இதே ரயில் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் போனால் 30.55... மீ/வி. இதை 30 என்று எழுதினால் 38.3 வினாடி, 31 என்று எழுதினால் 37.1 வினாடி. பின்னத்தை அப்படியே விட்டு (1150 × 18) ÷ (110 × 5) என்று கடைசியில் வகுத்தால் 37.6. தலைகீழ் 18/5 இந்த வரியில் வந்தால் பயப்பட வேண்டாம். வேகம் கீழே இருப்பதால் பின்னம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி பின்னாலிருந்து வரும்போது மேலே சொன்ன அதே தவறு வேறு வேடத்தில் வரும். பிளாட்பாரத்தில் நிற்பவரை ஒரு ரயில் 20 வினாடியில் கடக்கிறது, 300 மீட்டர் பிளாட்பாரத்தை 35 வினாடியில் கடக்கிறது. ரயிலின் நீளம் என்ன? பலர் 300-ஐ 35-ஆல் வகுத்து வேகம் கண்டுபிடிக்கப் போவார்கள். அந்த 35 வினாடியில் ரயில் போனது 300 மீட்டர் மட்டுமல்ல, தன் நீளமும் சேர்த்து. தன் நீளத்தைத் தாண்ட 20 வினாடி ஆகிறதென்று கேள்வியே சொல்லிவிட்டது. மீதி 15 வினாடிதான் 300 மீட்டருக்கு உரியது. வேகம் 20 மீ/வி, நீளம் 20 × 20 = 400 மீட்டர். சரிபார்க்க: (400 + 300) ÷ 20 = 35. ஆளுக்குப் பதில் இரண்டாவது பிளாட்பாரம் ஒன்றைக் கொடுத்தாலும் இதே வழிதான்: நீளங்களின் வித்தியாசத்தை நேரங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் வேகம் வந்துவிடும், ரயிலின் நீளம் கழித்தலிலேயே அடிபட்டுப் போகும்.