மொய் நோட்டை ஒரு வரி விடாமல் பெயர்த்தெழுதுவது எப்படி

சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் பழைய வீட்டு மச்சில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதில் என் தாத்தாவின் அக்காள் கல்யாணத்து மொய் நோட்டு கிடைத்தது. கணக்குப்பிள்ளைகள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி நீள நோட்டு. ஒரு பக்கத்தில் இரண்டு பத்தி, பத்திக்கு 43 வரி. ஆக ஒரு பக்கத்துக்கு 86 பேர். ஊர், பெயர், தொகை. திரும்பவும் ஊர், பெயர், தொகை. வேறு ஒன்றுமே கிடையாது.

இதைக் கணினியில் ஏற்றத் தொடங்கினால் இருபதாவது வரியிலேயே கை சும்மா இருக்காது. "இதே தெரு, 14 பேர், தலா 1 ரூபாய்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் அது மொய் நோட்டு ஆகாது. யார் வீட்டுக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்காக எழுதிய கணக்கு அது. 14 பேர் என்றால் 14 கடன். நான் தடுக்கி விழுந்த ஒரு பக்கத்தை வைத்தே முறையைச் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எழுதும் முன் எண்ணுங்கள்

மூல நோட்டில் பேனாவோ பென்சிலோ படக்கூடாது. ஜெராக்ஸ் எடுங்கள், அல்லது போனில் படம் பிடித்து அச்செடுங்கள். பக்கம் நீளமாக இருந்தால் இரண்டு படமாக எடுக்க வேண்டி வரும். அப்போது முதல் படத்தின் கடைசி நாலைந்து வரி இரண்டாம் படத்தின் தலையிலும் விழட்டும். ஆனால் அச்சில் அந்த இரட்டை வரிகளை உடனே கோடு போட்டு அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஐந்து பேர் இரண்டு முறை மொய் எழுதிவிடுவார்கள்.

பிறகு அச்சில் ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் எண் போடுங்கள். பத்துக்கு ஒரு எண் போதும் என்று நினைக்க வேண்டாம், எல்லா வரிக்கும் வேண்டும். பக்கத்தின் தலையில் இருக்கும் "உ" பிள்ளையார் சுழி, அது வரி இல்லை. தமிழ் எண் ௨ என்று நினைத்து முதல் நாள் அதைத் தொகைப் பத்தியில் ஏற்றியவன் நான். அதன் கீழே "1126௵ தை௴" என்று இருந்தது. ௵ என்றால் வருடம், ௴ என்றால் மாதம். 1126 என்பது கொல்லம் ஆண்டு. நம் பக்கம் அது ஆவணியில் பிறக்கும், அதனால் தை மாதத்துக்கு 825 கூட்டினால் 1951 கிடைக்கும். இந்தத் தலைப்பு வரிகளைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண் முதல் மொய்யிலிருந்து தொடங்கட்டும்.

தாளைத் தயார் செய்வது

எக்செல், லிப்ரே ஆஃபிஸ் எதுவானாலும் சரி. முதல் வரிசையைத் தலைப்புக்கு விட்டுவிட்டு, A பத்தியில் A2இலிருந்து 1 முதல் 86 வரை எண்களை முதலிலேயே நிரப்பிவிடுங்கள். ஒரு பெயர்கூட ஏறும் முன்னால் இதைச் செய்துவிட்டால், எங்காவது ஒரு வரி விட்டுப்போனால் கடைசியில் 86க்கு எதிரே வெற்று இடம் நின்று காட்டிக்கொடுக்கும்.

B பத்தியில் ஊர், நோட்டில் உள்ளபடியே. "வீ.நல்லூர்" என்று இருந்தால் வீ.நல்லூர்தான், வீரவநல்லூர் என்று திருத்த வேண்டாம். "மேற்படி" என்று இருந்தால் மேற்படி. சில நோட்டில் இது ௸ என்ற குறியாகவோ "ஷை" என்றோ இருக்கும், அதையும் அப்படியே ஏற்றுங்கள். ஆனால் மேற்படி என்ற சொல்லுக்குத் தன் மேல் வரியை விட்டால் பொருள் கிடையாது. பிற்பாடு யாராவது அந்தத் தாளை அகர வரிசைப்படுத்தினால் வீரவநல்லூர்க்காரர் பத்தமடைக்குக் குடிபோய்விடுவார். அதனால் C பத்தியில் முழு ஊரைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். C2இல் `=B2`, C3 முதல் கீழ்வரை இது:

```
=IF(B3="மேற்படி",C2,B3)
```

௸ அல்லது ஷை இருக்கும் நோட்டானால் மேற்கோள் குறிக்குள் அதைப் போடுங்கள். பக்கம் முடிந்ததும் C பத்தியை நகலெடுத்து, மதிப்பாக மட்டும் அதே இடத்தில் ஒட்டிவிடுங்கள். சூத்திரமாகவே விட்டால் வரிசை மாற்றும்போது அதுவும் குழம்பும்.

D பெயர். E, F, G முறையே ரூபாய், அணா, தம்படி. "1-8-0" என்று ஒரே கட்டத்தில் அடித்தால் மென்பொருள் அதைத் தேதியாக எடுத்துக்கொண்டுவிடலாம், அதனால்தான் மூன்று பத்தி. 8 அணாவை 50 காசு என்று மாற்றவும் வேண்டாம். காசுக் கணக்கு வந்தது 1957 ஏப்ரல் 1இல், இந்தக் கல்யாணம் அதற்கும் முந்தியது. H பத்தி உங்கள் குறிப்புகளுக்கு.

இன்னொன்று, இது முக்கியம். தானாக நிரப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில் `Tools > AutoInput`. எக்செல்லில் `File > Options > Advanced` போய் `Enable AutoComplete for cell values` என்பதை எடுத்துவிடுங்கள். நம் ஊர் நோட்டில் இசக்கி, இசக்கியம்மாள், இசக்கிமுத்து, இசக்கிப்பாண்டி எல்லோரும் அடுத்தடுத்து வருவார்கள். "இசக்கி" என்று அடித்து என்டர் தட்டினால், மேலே எழுதிய இசக்கிமுத்து வந்து உட்கார்ந்துவிடுவார். அந்தத் தவறு பார்வைக்குத் தவறாகவே தெரியாது.

அடிப்பது

ஒரு தபால் கார்டை எடுத்து, எழுதப்போகும் வரிக்குக் கீழே வையுங்கள். அடுத்த வரிகள் கண்ணுக்குத் தெரியக்கூடாது. ஊர், பெயர், தொகை என்று வாய்விட்டுப் படியுங்கள், அடியுங்கள், திரையில் உள்ள எண்ணும் அச்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், அப்புறம் கார்டை இறக்குங்கள். போன் வந்தால் எடுக்கும் முன் அந்த வரியில் ஒரு டிக் போட்டுவிடுங்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? திரையிலிருந்து தாளுக்குத் திரும்பும் கண், கடைசியாக எழுதிய சொல்லைத்தான் தேடும். எல்லா வரியும் வேறு வேறாக இருந்தால் சரியான இடத்தில் போய் நிற்கும். ஒன்றுபோலவே இருந்தால் இரண்டு வரி தள்ளி அதே சொல் உள்ள இடத்தில் நின்றுவிடும். இடையில் உள்ளவர்கள் காணாமல் போவார்கள். அதனால் கண்ணுக்குப் பெயரை அடையாளமாகக் கொடுக்காமல் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

1-0-0 என்று இருபது வரி தொடர்ந்து வரும்போது சுட்டியால் கீழே இழுத்து நிரப்பவும் ஆசை வரும். வேண்டாம். அந்த இருபதில் ஒருவர் 1-4-0 எழுதியிருப்பார்.

நான் விழுந்த இடம்

முதல் முயற்சியில் நான் 86 என்று எண்ணி வைத்தேனே தவிர அச்சில் எண் போடவில்லை. அடித்து முடித்தால் 86ஆம் கட்டம் காலி. சரி, தொகையைப் பார்ப்போம் என்று கூட்டினேன். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 தம்படி, ஆக ரூபாய்க்கு 192 தம்படி. எல்லாவற்றையும் தம்படியாக்கிக் கூட்டுவது எளிது:

```
=SUM(E2:E87)*192+SUM(F2:F87)*12+SUM(G2:G87)
```

எனக்கு 22608 வந்தது. நோட்டின் அடியில் "ஆக ரூ. 118-12-0" என்று இருந்தது, அதாவது 22800. வித்தியாசம் 192. சரியாக ஒரு ரூபாய், சரியாக ஒரு வரி. ஒரு ரூபாய் எழுதிய யாரோ ஒருவரைத் தாண்டிவிட்டேன்.

முதலிலிருந்து ஒப்பிடத் தேவையில்லை. அச்சில் எண் போட்டுவிட்டு நடுவில் 43ஆம் வரியைப் பார்த்தேன், இரண்டும் ஒன்று. 64இல் ஒரு வரி முன்னால் ஓடியிருந்தது. அப்படியானால் தவறு இரண்டுக்கும் இடையில். 54ஐப் பார்த்தேன், ஓடியிருந்தது. 48 சரி. இப்படிப் பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே வந்து மாட்டிய இடம் இது:

```
50  வீ.நல்லூர்  சுடலைமுத்து மகன் இசக்கிமுத்து  1-0-0
51  மேற்படி    இசக்கிமுத்து மகன் சுடலைமுத்து  1-0-0
52  மேற்படி    இசக்கிமுத்து  1-0-0
53  மேற்படி    இசக்கிமுத்து  1-0-0
54  மேற்படி    சுடலைமுத்து  1-8-0
```

52, 53 இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. கணக்குப்பிள்ளை கை தவறி இரண்டு முறை எழுதிவிட்டார் என்றுகூட நினைத்தேன். பெரியப்பாவிடம் காட்டியதும் சிரித்தார். "ஏல, அது ரெண்டு ஆளுலே. ஒருத்தன் வாய்க்காப் பாலத்துக்கு இந்தப் பக்கம், இன்னொருத்தன் அந்தப் பக்கம்." 50ஆம் வரியும் 51ஆம் வரியும்கூட அப்படித்தான். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிற ஊரில் சுடலைமுத்து மகன் இசக்கிமுத்துவும் இருப்பார், இசக்கிமுத்து மகன் சுடலைமுத்துவும் இருப்பார். ஒன்றுபோல இருக்கும் வரியை நீங்களாக நீக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் H பத்தியில் "53 = 52, மூலத்தில் உள்ளபடி" என்று எழுதி விடுங்கள்.

சரிபார்ப்பது

வரி எண்ணிக்கை சரியாக வந்தால் யாரும் விடுபடவில்லை என்று ஓரளவு நம்பலாம். ஓரளவுதான், ஏனென்றால் ஒருவரை விட்டு இன்னொருவரை இரண்டு முறை எழுதியிருந்தாலும் 86 வரும். கூட்டுத்தொகை சரி என்றால் தொகைகளும் பெரும்பாலும் சரி. பெயர்களை இந்த இரண்டும் காட்டிக்கொடுக்காது. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அவர் அச்சைப் பார்த்துப் படிக்க, நீங்கள் திரையைப் பார்க்க வேண்டும். அதுவும் 86இலிருந்து தொடங்கி 1 வரை, கீழிருந்து மேலாக. மேலிருந்து வந்தால் அடுத்து என்ன வரும் என்று காது முன்கூட்டியே கேட்டுவிடும். என் தவறுகளில் முக்கால்வாசி 40ஆம் வரிக்குப் பிறகுதான். கீழிருந்து வந்தால் அந்தப் பகுதிக்கு அலுக்காத காது கிடைக்கிறது.

எல்லாம் ஒத்துப்போன பிறகும் தொகை இடித்தால், நோட்டு எழுதியவரே தவறாகக் கூட்டியிருக்கலாம். இன்னொரு பக்கத்தில் இரண்டு முறை படித்துப் பார்த்தும் 4 அணா உதைத்தது. அவர் எழுதிய கூட்டுத்தொகையை அப்படியே ஏற்றிவிட்டு, வித்தியாசத்தைக் குறிப்பில் எழுதினேன். யார் கணக்கிலும் 4 அணாவைச் சேர்த்து நேர் செய்யவில்லை. படிக்க முடியாத எழுத்துக்கு [தெளிவில்லை] என்று போட்டேன்.

"ஆக" என்ற சொல்லோடு பக்கம் முடிந்துவிட்டது என்று நோட்டை மூடிவிடாதீர்கள். பந்தி முடிந்து தாமதமாக வந்தவர்கள் எழுதிய மொய் கூட்டுத்தொகைக்குக் கீழேயோ, ஓரத்திலோ, பின்பக்கத்திலோ கிடக்கும். எங்கள் நோட்டில் கடைசிக் கூட்டலுக்குப் பின்னால் இரண்டு பக்கம் காலி. மூன்றாவது பக்கத்தின் மூலையில் வேறு மையில் மூன்று வரி இருந்தது. முதல் வரி: "பத்தமடை, பாய் 1, பணம் இல்லை."

அதற்கு E, F, G மூன்றிலும் 0 போட்டு, பாயை H பத்தியில் ஏற்றினேன்.