150 ரிங்கிட்டில் புதிய சேனல்: முதலில் மைக்

கைப்பேசியில் வீடியோ எடுத்துச் சேனல் தொடங்கக் கையில் 150 ரிங்கிட்தான் இருக்கிறது என்றால் முதலில் மைக் வாங்குங்கள். சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் தூறல் விழுந்தாலே கைப்பேசியின் சொந்த மைக்கில் கூரைதான் பேசும். சட்டையில் குத்தும் கம்பி மைக் ஏறக்குறைய 30 ரிங்கிட். மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். பெருமழையை அதுவும் தடுக்காது.

வாங்கும்போது செருகும் முனையைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் கைப்பேசிக்கு, இரண்டு இருந்தால் கேமராவுக்கு. நான் இரண்டு வளைய மைக்கை வாங்கிவிட்டு, ஒரு வாரம் கைப்பேசியின் மைக்கிலேயே பேசிக்கொண்டிருந்தேன்! பதிவு ஓடும்போது மைக்கை நகத்தால் சுரண்டுங்கள். திரும்பக் கேட்கையில் அந்தக் கரகரப்பு பலமாக இல்லாவிட்டால் மைக் வேலை செய்யவில்லை. இயர்போன் செருகும் வட்டத் துளை இல்லாத கைப்பேசிக்குச் சார்ஜர் துளையில் செருகும் மைக்கே சரி.

முக்காலிக்கு 50 ரிங்கிட் ஒதுக்குங்கள். காற்றில் ஆடினால் நடுத்தண்டில் தண்ணீர்ப் புட்டியைத் தொங்கவிடலாம்.

விளக்கு கடைசி. பகலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாலே முகம் தெளிவாக விழும். இரவில் எடுப்பவர்கள் மிச்சக் காசில் ஒரு வட்ட விளக்கு வாங்கலாம். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதை உயர்த்திச் சற்றுப் பக்கவாட்டில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியில் இரண்டு வெள்ளை வளையங்கள் தெரியும்.