ஏறலாம், இறங்காது: லண்டன் கடை லீஸில் வாடகை மறுநிர்ணயம்

இங்கிலாந்தில் பத்து, பதினைந்து வருட லீஸில் கடை எடுத்தவர்களுக்கு, பெரும்பாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ரென்ட் ரிவியூ வரும். அன்றைய சந்தை வாடகை, இப்போது கட்டும் வாடகை இரண்டில் எது அதிகமோ அதுதான் புது வாடகை. சந்தை சரிந்தாலும் உங்கள் வாடகை குறையாது. 2025 ஜூலையில் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா இந்த ஷரத்தைத் தடை செய்ய முன்வந்தது. அதுவும் புதிய லீஸ்களுக்குத்தான். அயர்லாந்தில் 2010 பிப்ரவரி 28 முதல் போட்ட லீஸ்களில் இது செல்லாது.

படி 1: தேதிகளைப் படியுங்கள்

உரிமையாளர் நோட்டீஸில் ஒரு தொகை குறிப்பிட்டு, அதை ஏற்காவிட்டால் இத்தனை நாளுக்குள் பதில் நோட்டீஸ் தர வேண்டும் என்று சில லீஸ்கள் சொல்லும். கெடு கண்டிப்பானது என்றோ, தவறினால் அந்தத் தொகையே வாடகை என்றோ எழுதியிருந்தால், ஒரு நாள் தாமதமும் ஆபத்து. "அதிகமாகத் தெரிகிறது, பேசுவோம்" என்று பட்டும்படாமல் எழுதினால் அது பதில் நோட்டீஸே இல்லை என்று வாதிடுவார்கள். ஏற்கவில்லை, லீஸில் உள்ளபடி மூன்றாம் நபர் முடிவு செய்யட்டும் என்று நேராக எழுதுங்கள்.

அப்படி எதுவும் எழுதாத லீஸில் கெடு பொதுவாக அவ்வளவு கண்டிப்பில்லை. 1977இல் பர்ன்லி மாநகராட்சி வழக்கில், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது இது. உரிமையாளருக்கும் இது பொருந்தும்: அவர் ஒன்றரை வருடம் தாமதமாக எழுப்பினாலும் உயர்வை ரிவியூ தேதியிலிருந்தே கேட்கலாம், பெரும்பாலும் வட்டியோடு. நோட்டீஸ் வரவில்லையே என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

படி 2: கடையை அளந்து கணக்குப் போடுங்கள்

கடைவீதிக் கடைகளை மொத்தச் சதுர அடியில் மதிப்பதில்லை. முகப்பிலிருந்து முதல் 20 அடி ஆழம் ஸோன் ஏ, முழு விலை. அடுத்த 20 அடிக்குப் பாதி, அதற்கடுத்ததற்குக் கால்.

20 அடி அகலம், 50 அடி ஆழம் உள்ள கடையை எடுப்போம். முதல் 400 சதுர அடி அப்படியே. அடுத்த 400, இருநூறாகும். மீதி 200, ஐம்பதாகும். கூட்டினால் 650. இப்போதைய வாடகை வருடம் 32,500 பவுண்ட் என்றால் ஸோன் ஏ விலை சதுர அடிக்கு 50 பவுண்ட்.

பக்கத்துக் கடை 60 பவுண்டுக்குப் போனதைக் காட்டி உரிமையாளர் 39,000 கேட்கிறார். அந்த லீஸைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஐந்து வருடத்தில் முதல் 12 மாதம் வாடகையே இல்லை என்று வைப்போம். கடையை அமைத்துக்கொள்ளத் தருகிற மூன்று மாதத்தைத் தள்ளினால், ஒன்பது மாதம் சலுகை. 60 மாதத்தில் 51 மாதத்துக்குத்தான் பணம், அதாவது உண்மை விலை 51 பவுண்ட். (இந்தச் சலுகையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று உங்கள் லீஸ் சொல்கிறதா என்று பார்த்துவிட்டே இதை வாதமாக வையுங்கள்.)

நீங்கள் போட்ட மேல்தளத்துக்கும் வாடகை கேட்பார்கள். வாடகைதாரர் செய்த மேம்பாடுகளை லீஸ் பொதுவாக விலக்கும், ஆனால் பெரும்பாலும் உரிமையாளரின் சம்மதத்தோடு செய்தவற்றை மட்டும். சம்மதக் கடிதம் இல்லையென்றால், சொந்தக் காசில் போட்ட தளத்துக்கு நீங்களே வாடகை கட்டுவீர்கள்.

படி 3: இழுபறியானால்

நடுவரா, நிபுணரா என்று லீஸ் சொல்லும். ஆளை இரு தரப்பும் ஒத்துத் தேர்ந்தெடுக்காவிட்டால், பெரும்பாலும் ஆர்.ஐ.சி.எஸ். என்ற சர்வேயர் அமைப்பு நியமிக்கும்.

நடுவர் 1996ஆம் ஆண்டின் ஆர்பிட்ரேஷன் சட்டப்படி, இரு தரப்பும் வைக்கும் சான்றுகளை வைத்து முடிவு செய்வார். நீங்கள் காட்டாத ஒப்பீட்டுக் கடையை அவரே தேடிப் போய்ப் பார்க்க மாட்டார். நிபுணர் தன் சந்தை அறிவையும் பயன்படுத்துவார்; ஆனால் அவர் தீர்ப்பை அசைப்பது மிகக் கடினம். என் கணிப்பில், நல்ல சான்று கையில் இருந்தால் நடுவர் தேவலாம்.

செலவை யார் ஏற்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் நடுவருக்கு உண்டு. நிபுணருக்கு லீஸ் தந்தால்தான். ஆகவே நடுவரிடம் போகும்போது கால்டர்பேங்க் கடிதம் முக்கியம். "வித்தவுட் பிரெஜுடிஸ் சேவ் அஸ் டு காஸ்ட்ஸ்" என்று தலைப்பிட்டு ஒரு தொகை முன்வைப்பதுதான் அது. வாடகை முடிவாகும்வரை நடுவர் அதைப் பார்க்கக் கூடாது. நம் கடைக்கு 34,000 என்று எழுதி, உரிமையாளர் மறுத்து, நடுவர் ஸோன் ஏ விலையை 52 என்று வைத்தால், வாடகை 33,800. உங்கள் தொகையைவிடக் குறைவு. ஆகவே கடிதத்துக்குப் பிந்திய செலவை உரிமையாளர் தலையில் கட்டும்படி கேட்கலாம். ரிவியூ ஒன்றரை வருடம் இழுத்திருந்தால் பாக்கி 1,950 பவுண்ட், மேல் வட்டி.

சந்தை விலை 46 என்று நிரூபிக்கச் சர்வேயருக்குப் பணம் கொட்ட வேண்டாம். 50க்கு மேல் இல்லை என்று காட்டினாலே 32,500இல் நின்றுவிடும். அதற்குக் கீழே நிரூபிக்கும் ஒவ்வொரு பவுண்டும் வீண்செலவு.